ஆங்கிலம் போய்த் தமிழுக்குத் திரும்பிய பத்தி யாருடையது?

கேள்வி: பிஎச்.டி. ஆய்வேடு எழுதி முடிக்கும் கட்டத்தில் இருக்கிறேன். இரண்டாம் இயலில் சில பத்திகளை ஒரு தமிழ் நூலில் இருந்து எடுத்து, கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஆங்கிலமாக்கி, மறுபடி தமிழாக்கிச் சேர்த்தேன். இன்னும் சில பகுதிகள் ஆங்கிலக் கட்டுரைகளில் இருந்து நேராகத் தமிழாக்கியவை. மென்பொருள் 6% தான் காட்டியது. ஆனாலும் நெறியாளர் "இது உன்னுடையது இல்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வரிகள் எதுவுமே ஒத்துப்போகாதபோது அது எப்படிக் காப்பி ஆகும்? எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பதில்:

உங்கள் நெறியாளர் சொன்னது சரி. அவர் மென்பொருளைப் பார்த்து அதைச் சொல்லியிருக்க வாய்ப்பில்லை, பத்தியைப் படித்துத்தான் சொல்லியிருப்பார். அந்த 6% எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் இருந்து தொடங்குகிறேன்.

ஒப்புமை பார்க்கும் மென்பொருள் அடிப்படையில் செய்வது ஒரு எளிய வேலை. உங்கள் ஆய்வேட்டைச் சில சொற்கள் கொண்ட சிறுசிறு தொடர்களாக நறுக்கும். ஒவ்வொரு தொடருக்கும் ஒரு அடையாள எண் போடும். தன் சேமிப்பில் உள்ள நூல்கள், கட்டுரைகள், இணையப் பக்கங்கள், பழைய ஆய்வேடுகள் ஆகியவற்றுக்கும் இதே மாதிரி எண் போட்டு வைத்திருக்கும். இரண்டு பக்கமும் ஒரே எண் வந்தால் அந்த இடத்துக்கு வண்ணம் பூசும். நடுவில் ஒரு சொல் மாறினாலும் அதைச் சுற்றியுள்ள தொடர்கள் எல்லாம் மாறிவிடும். தமிழில் இது இன்னும் சுலபமாக நடக்கிறது, ஏனென்றால் வேற்றுமை உருபும் காலமும் சொல்லோடு ஒட்டிக்கொண்டே வருகின்றன. "வாய்க்காலில்" என்பதை "கால்வாயின்" என்று மாற்றினால் அங்கே ஒப்புமை அறுந்துபோகும்.

ஆக 6% என்பதற்குப் பொருள், என்னிடம் உள்ள சேமிப்பில் இதே சொற்கள் இதே வரிசையில் இவ்வளவுதான் கிடைத்தன என்பது மட்டும்தான். தமிழ் ஆய்வேடுகளைப் பொறுத்தவரை இன்னொரு சங்கதியும் உண்டு. பழைய ஆய்வேடுகள் நிறைய ஸ்கேன் செய்த படங்களாக இருக்கின்றன. யுனிகோடு வருவதற்கு முன்னால் தட்டச்சு செய்தவை வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் கிடக்கின்றன. அந்தக் கோப்பைத் திறந்தால் நம் கண்ணுக்குத் தமிழ் தெரியும், உள்ளே இருந்து எழுத்தை உருவினால் பொருளற்ற ரோமன் எழுத்துகள் வரும். மென்பொருளுக்கு அது தமிழே இல்லை. அச்சில் மட்டும் உள்ள நூலோ அதன் சேமிப்பிலேயே கிடையாது. இப்படிப்பட்ட நூலில் இருந்து ஒரு எழுத்துகூட மாற்றாமல் எடுத்து வைத்தாலும் சதவீதம் குறைவாகத்தான் வரும். அதனால் தமிழ்த் துறைகளில் அனுபவமுள்ள தேர்வாளர்கள் அந்த எண்ணை ஒரு நுழைவுச் சீட்டாக மட்டுமே பார்ப்பார்கள். உண்மையான பரிசோதனை அவர்கள் பத்தியைப் படிக்கும்போது நடக்கிறது.

அப்படிப் படிக்கும்போது என்ன தெரிகிறது என்பதை ஒரு பத்தியை வைத்தே காட்டுகிறேன். எடுத்துக்காட்டுக்காக நானே எழுதியது இது, ஆண்டும் அளவும் கற்பனை. ஏரிப் பாசனத்தைப் பற்றிய ஒரு நூலில் இப்படி ஒரு பத்தி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

> ஏரி நிரம்பாத ஆண்டுகளில் நீர்க்கட்டி முறை வைத்துத்தான் மடையைத் திறந்தார். மேல்மடைக்காரர்களுக்கு இரண்டு நாழிகை, கடைமடைக்காரர்களுக்கு மூன்று நாழிகை. வாய்க்காலில் வழியிலேயே சுவறிப்போகும் தண்ணீருக்கு ஈடுதான் அந்தக் கூடுதல் நாழிகை. 1967-க்குப் பிறகு மேல்மடையில் பம்புசெட் வந்ததும் இந்தக் கணக்கு உடைந்தது. குடிமராமத்துக்கு ஆள் வருவதும் அதோடு நின்றது.

இது கருவி வழியாக ஆங்கிலம் போய்த் தமிழுக்குத் திரும்பினால் ஏறத்தாழ இந்தக் கோலத்தில் வரும். இத்தகைய பத்திகளில் வழக்கமாக நடக்கும் திரிபுகளை வைத்து இதை அமைத்திருக்கிறேன்:

> ஏரி நிரம்பாத ஆண்டுகளில், நீர்க்கட்டி ஒரு முறையான வழியில் மட்டுமே மதகைத் திறந்தது. மேல் அணையில் உள்ளவர்களுக்கு இரண்டு மணிநேரமும், கடைசி அணையில் உள்ளவர்களுக்கு மூன்று மணிநேரமும் வழங்கப்பட்டது. கால்வாயில் செல்லும் வழியில் உறிஞ்சப்படும் நீருக்கான இழப்பீடாக அந்தக் கூடுதல் மணிநேரம் இருந்தது. 1967 ஆம் ஆண்டிற்குப் பிறகு மேல் அணையில் பம்ப் செட்டுகள் வந்தபோது, இந்தக் கணக்கீடு உடைந்தது. குடிமக்கள் பழுதுபார்ப்புக்கு மக்கள் வருவதும் அதனுடன் நிறுத்தப்பட்டது.

சொல் அளவில் பார்த்தால் தொடக்கத்தில் உள்ள "ஏரி நிரம்பாத ஆண்டுகளில்" என்ற மூன்று சொற்களைத் தவிர நீளமான தொடர் எதுவும் ஒத்துப்போகவில்லை. மென்பொருள் இதைப் பேசாமல் விட்டுவிடும்.

ஆனால் ஏரிப் பாசனம் தெரிந்த ஒருவர் கையில் இந்தப் பத்தி போனால் முதல் வரியிலேயே நின்றுவிடுவார். நீர்க்கட்டி என்பவர் மடையைத் திறந்து அடைத்து, ஊருக்குத் தண்ணீர் பங்கிடும் ஆள். பத்தியோ "நீர்க்கட்டி திறந்தது" என்கிறது. உடம்பில் வரும் நீர்க்கட்டிக்கும் இதே சொல்தான், கருவி அந்தப் பொருளை எடுத்துக்கொண்டதால் ஆள் அஃறிணையாகிவிட்டார். களத்துக்குப் போய் ஒரு நீர்க்கட்டியிடம் ஒரு மணிநேரம் பேசியவர் யாரும் அப்படி ஒரு வினைமுற்றை எழுத மாட்டார். "குடிமராமத்து" என்பது "குடிமக்கள் பழுதுபார்ப்பு" ஆனதும், "கடைமடை" என்பது "கடைசி அணை" ஆனதும் இதே வகைதான்.

இவற்றைவிட மோசமானது நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம். மூல நூலின்படி மேல்மடைக்கு 48 நிமிடம், கடைமடைக்கு 72 நிமிடம் தண்ணீர். திரும்பி வந்த பத்தியில் அது 120 நிமிடமாகவும் 180 நிமிடமாகவும் மாறியிருக்கிறது. மொழி நடை மட்டும் கெட்டிருந்தால் திருத்திவிடலாம். இங்கே ஆய்வின் தரவே பொய்யாகிவிட்டது. நாளைக்கு வேறொருவர் உங்கள் ஆய்வேட்டை நம்பி ஒரு ஏரியின் நீர்ப் பங்கீட்டைக் கணக்குப் போட்டால் இரண்டரை மடங்கு பிழை வரும். மேற்கோள் காட்டியிருந்தால் அவர் மூல நூலுக்குப் போய்ச் சரிபார்த்துக்கொள்வார். அந்த வழியையும் நீங்கள் அடைத்துவிடுகிறீர்கள். நெறியாளர் ஒருவருக்கு இது கோபம் வரவேண்டிய இடம், எனக்கும் இதைப் படித்தால் கோபம்தான் வரும்.

சரி, கருவி நன்றாக முன்னேறிவிட்டது, இந்தச் சொற்பிழைகளை எல்லாம் நானே உட்கார்ந்து திருத்திவிட்டேன் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் பத்தியின் எலும்புக்கூடு அப்படியே இருக்கும். முதலில் பற்றாக்குறை ஆண்டில் என்ன விதி என்று சொல்கிறது, அடுத்து அளவு, அதற்கடுத்து அந்த அளவுக்குக் காரணம், கடைசியில் அது எப்போது, எதனால் உடைந்தது. இந்த நான்கு நகர்வுகளும் அதே வரிசையில், அதே இடத்தில் முற்றுப்புள்ளியோடு வருகின்றன. ஒரே ஏரியைப் பற்றி இரண்டு பேர் தனித்தனியாக எழுதினால் இது நடக்காது. ஒருவர் பம்புசெட்டில் தொடங்குவார், இன்னொருவர் கடைமடைக்காரரின் குறையில் தொடங்குவார். 1967 என்ற ஆண்டை ஒருவர் எடுப்பார், ஒருவர் விட்டுவிடுவார்.

அதிலும் மூன்றாம் வரியைப் பாருங்கள். கூடுதல் நாழிகை என்பது சலுகை இல்லை, வழியில் சுவறும் தண்ணீருக்கான ஈடு என்பது அந்த நூலாசிரியர் கண்டு சொன்ன விளக்கம். ஏரியும் மடையும் எல்லோருக்கும் பொது. முறைவைப்பு என்ற ஏற்பாடு இருந்தது என்பதும் பொதுவாகத் தெரிந்த செய்திதான், அதற்கு மேற்கோள் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு நாழிகைக்கான காரணம் ஒருவருடைய உழைப்பில் வந்தது. பத்தியில் விலை மதிப்புள்ள பொருள் அதுதான். அதைச் சுற்றியிருந்த சொற்கள் எல்லாம் மாறின, அது மட்டும் சேதமில்லாமல் உங்கள் ஆய்வேட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, பெயர் இல்லாமல்.

உங்கள் கேள்விக்கான பதிலே இங்கேதான் இருக்கிறது. கருத்துத் திருட்டு என்பதை விதிகள் சொல்லை வைத்து வரையறுக்கவில்லை. யுஜிசி 2018-ல் கொண்டுவந்த கல்வி நேர்மை விதிமுறைகள், இன்னொருவருடைய படைப்பையோ கருத்தையோ எடுத்துத் தன்னுடையதாகக் காட்டுவதைத்தான் கருத்துத் திருட்டு என்கின்றன. அமெரிக்காவின் கூட்டாட்சி விதியில் எடுக்கப்படும் பொருளாக நான்கைச் சொல்கிறார்கள்: கருத்து, செய்முறை, முடிவு, சொல். நான்கில் சொல் ஒன்றே ஒன்று. மொழிபெயர்ப்புக் கருவி மாற்றித் தருவது அந்த ஒன்றை மட்டும்தான். மீதி மூன்றும் யாரிடம் இருந்து வந்தனவோ அவரிடமே கடன்பட்டு நிற்கின்றன.

அந்தச் சொல் மாற்றம்கூட உங்களுடையது இல்லை. "வரிகள் ஒத்துப்போகவில்லை" என்பதை வைத்து நீங்கள் வாதாடினால், அந்த வரிகளை மாற்றியது யார் என்ற கேள்வி வரும். மூல நூலின் கருத்தை உள்வாங்கி, உங்கள் வாதத்துக்கு வேண்டியதை எடுத்து எழுதியிருந்தால் அந்த மாற்றத்தில் உங்கள் உழைப்பு இருக்கும். இங்கே ஒரு பெட்டியில் ஒட்டி இன்னொரு பெட்டியில் எடுத்தீர்கள். விசாரணைக் குழுவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிப்பார்கள். தெரியாமல் மேற்கோள் விட்டுப்போவது நடக்கக்கூடிய தவறு. தமிழில் இருந்ததை ஆங்கிலமாக்கித் தமிழாக்கியதற்கு, ஒப்புமை தெரியக்கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் காட்டுவது கடினம். மறைப்பதற்கு எடுத்துக்கொண்ட முயற்சியே, தெரிந்துதான் செய்தார் என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. அப்படியே எடுத்து வைத்துவிட்டு மேற்கோள் விட்டவரைவிட, உங்களுக்குத் தற்காப்பு குறைவு.

யுஜிசி விதிமுறைகளில் உள்ள சதவீதப் படிகளை வைத்து, 10% வரை தண்டனை இல்லையே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆமாம், 10% வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதற்கு மேல் 40% வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள், 60% வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது, அதற்கும் மேலே போனால் பதிவு ரத்து. பொது அறிவாகவோ தற்செயலாகவோ ஒத்துப்போகும் சொற்றொடர்களில் 14 சொற்கள் வரை கணக்கில் சேர்க்காமல் விடவும் அதே விதிமுறைகள் இடம் தருகின்றன. ஆனால் இந்த விலக்கு தற்செயலுக்காகக் கொடுத்தது. அதே விதிமுறைகளின்படி, கல்விச் சமூகத்தைச் சேர்ந்த யார் வேண்டுமானாலும் ஆதாரத்தோடு துறையின் கல்வி நேர்மைக் குழுவிடம் புகார் கொடுக்கலாம், நிறுவனம் தானாகவும் விசாரிக்கலாம். மூல நூலையும் உங்கள் ஆய்வேட்டையும் பக்கம் பக்கமாக வைத்து ஒருவர் காட்டினால், குழு அந்தப் பக்கங்களைத்தான் படிக்கும். பட்டம் வாங்கிய பிறகு நிரூபணமானால் அந்தப் பட்டத்தையே நிறுத்திவைக்க வழி இருக்கிறது. 6% என்று அச்சிட்ட தாள் அன்றைக்கு உங்களுக்குத் துணை வராது.

இனி ஆங்கிலக் கட்டுரைகளில் இருந்து நேராகத் தமிழாக்கிய பகுதிகள். மொழி மாறினால் எந்திரத்தால் பிடிக்க முடியாது என்ற நம்பிக்கை பழசாகிவிட்டது. கருத்துத் திருட்டைக் கண்டுபிடிக்கும் முறைகளுக்காகவே பேன் என்ற பெயரில் 2009 முதல் ஆய்வாளர்கள் போட்டி நடத்திவருகிறார்கள். அதன் 2010, 2011 ஆண்டுத் தரவுத் தொகுப்புகளிலேயே ஜெர்மன், ஸ்பானிஷ் மூலங்களில் இருந்து ஆங்கிலமாக்கித் திருடிய பகுதிகளை வேண்டுமென்றே சேர்த்து, கண்டுபிடி பார்ப்போம் என்று கொடுத்தார்கள். அப்போது இருந்து பல வழிகள் வந்துவிட்டன. எளிய வழி, நீங்கள் செய்ததையே திருப்பிச் செய்வது. உங்கள் தமிழ்ப் பத்தியை எந்திரம் ஆங்கிலமாக்கி, ஆங்கிலச் சேமிப்போடு ஒப்பிடும். நீங்கள் கருவியால் ஆங்கிலத்தில் இருந்து தமிழாக்கி, கை வைக்காமல் விட்டிருந்தால் திரும்பப் போகும் ஆங்கிலம் மூலத்துக்கு மிக நெருக்கமாகப் போய் நிற்கும். ஏனென்றால் கருவி வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்க்கிறது, இரண்டை ஒன்றாக்குவதோ ஒன்றை உடைப்பதோ அரிது.

இன்னொரு வழி வாக்கியத்தின் பொருளையே எண்களாக மாற்றுவது. கூகுள் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஒரு மாதிரி, தமிழ் உட்பட 109 மொழிகளில் எந்த வாக்கியத்தைக் கொடுத்தாலும் அதை 768 எண்கள் கொண்ட வரிசையாக்கித் தரும். ஒரே பொருளுள்ள தமிழ் வாக்கியமும் ஆங்கில வாக்கியமும் பக்கத்துப் பக்கத்தில் வந்து விழும்படி அதைப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு வாக்கியம் நெருங்கி வந்தால் அது தற்செயலாக இருக்கலாம். உங்கள் பத்தியில் அடுத்தடுத்து வரும் எட்டு வாக்கியங்கள், ஒரு ஆங்கிலக் கட்டுரையின் அடுத்தடுத்த எட்டு வாக்கியங்களோடு அதே வரிசையில் நெருங்கி வந்தால் தற்செயல் என்று சொல்ல முடியாது. தமிழில் இருந்து ஆங்கிலம் போய்த் திரும்பிய பத்திக்கும் இதே முறை செல்லும், பொருள் மாறவில்லை அல்லவா.

இந்த முறைகள் எல்லாம் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இன்றைக்குப் புழக்கத்தில் இருக்கின்றன என்று சொல்லவில்லை. ஆனால் ஆய்வேடு ஒரு நாளோடு முடிகிற காகிதம் இல்லை. அது ஷோத்கங்கா களஞ்சியத்தில் ஏறி, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கும்படி இருக்கப்போகிறது. இன்று தப்பிய பத்தியை ஐந்து ஆண்டு கழித்து வந்த மென்பொருள் மறுபடி படிக்கலாம்.

அப்படிப் பின்னால் போய்ப் படித்ததால் உலக அளவில் பெரிய விவகாரம் ஒன்று வெளியே வந்தது. 2021-ல் கியோம் கபனாக், சிரில் லாபே, அலெக்சாண்டர் மகாசினோவ் என்ற மூன்று ஆய்வாளர்கள் கணினி அறிவியல் கட்டுரைகளில் விநோதமான சொற்றொடர்களைக் கவனித்தார்கள். "ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்" என்று இருந்தது, அதாவது "போலி உணர்வு". பிக் டேட்டா "கலோசல் இன்ஃபர்மேஷன்" ஆகியிருந்தது. மருத்துவக் கட்டுரைகளில் மார்பகப் புற்றுநோய் "பூஸம் பெரில்" என்று வந்தது, சிறுநீரகச் செயலிழப்பு "கிட்னி டிஸ்அப்பாயின்ட்மென்ட்" என்று, அதாவது சிறுநீரக "ஏமாற்றம்" என்று வந்தது. சொல் மாற்றிக் கொடுக்கும் கருவிகளும் எந்திர மொழிபெயர்ப்பும், நிலைத்துப்போன துறைச்சொல்லைத் துறைச்சொல் என்று அறியாமல், தனித்தனிச் சொல்லாகப் பிரித்து மாற்றியதால் வந்த வினை இது. இவற்றுக்குச் சித்திரவதைக்குள்ளான சொற்றொடர்கள் என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்தார்கள்.

அவர்கள் செய்த வேலையில் எனக்குப் பிடித்தது, மூலம் எது என்று தெரியாமலேயே சந்தேகத்துக்குரிய கட்டுரையைக் கண்டுபிடித்ததுதான். வழக்கமான மென்பொருள் இரண்டு பிரதிகளை ஒப்பிட வேண்டும். இவர்களோ இந்தச் சொற்றொடர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, வெளியான கட்டுரைகளில் அவற்றைத் தேடினார்கள். துறையில் இருப்பவர் யாரும் எழுத மாட்டாத சொல் ஒரு கட்டுரையில் ஐந்து இடத்தில் இருந்தால், அதை எழுதியவர் மனிதராக இருக்க வாய்ப்பு குறைவு. அவர்கள் ஆராய்ந்த "மைக்ரோப்ராசஸர்ஸ் அண்ட் மைக்ரோசிஸ்டம்ஸ்" என்ற இதழில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் மீது பதிப்பகமே ஐயக் குறிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. மேலே நான் காட்டிய "குடிமக்கள் பழுதுபார்ப்பு" அந்தப் பட்டியலின் தமிழ் வடிவம்தான்.

இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நேர்மையாக எழுதியவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். எந்திரம் போடும் கொடி சந்தேகம் மட்டும்தான், தீர்ப்பு இல்லை. குறிப்பாக, இது செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று பார்க்கும் கருவிகள் தடுமாறுகின்றன. 2023-ல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளிடம் கொடுத்தார்கள். மனிதர்கள் எழுதிய அந்தக் கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கும் மேலானவற்றை அந்தக் கருவிகள் எந்திரம் எழுதியது என்றன. குறைந்த சொல்வளத்தோடு சீராக எழுதினால் கருவிக்கு அது எந்திர நடை. தமிழில் எழுதி, கருவியால் ஆங்கிலமாக்கிய பத்தியும் இதே சந்தேகத்துக்கு ஆளாகலாம், அதில் உள்ள சிந்தனை முழுக்க உங்களுடையதாகவே இருந்தாலும்.

அதனால் இரண்டு நிலைமைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உங்கள் சொந்தத் தமிழ் வரைவைக் கருவியால் ஆங்கிலமாக்கினால் அங்கே கருத்து உங்களுடையது, திருட்டு இல்லை. ஆனால் மொழித் திறனையே மதிப்பிடும் பாடத்தில் அப்படிச் செய்வது தவறு. மற்ற இடங்களில் கருவியைப் பயன்படுத்தியதை முன்னுரையிலோ அடிக்குறிப்பிலோ சொல்லிவிட வேண்டும், நிறுவனம் அனுமதிக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழ் வரைவைத் தேதியோடு பத்திரமாக வைத்திருங்கள், கேள்வி வந்தால் அதுதான் உங்கள் சாட்சி. இன்னொருவர் எழுதியதைக் கருவியில் போட்டு, பெயர் சொல்லாமல் வைத்தால், எந்த மொழியில் இருந்து எந்த மொழிக்குப் போனாலும், எத்தனை முறை சுற்றி வந்தாலும் அது அவருடையதுதான். நெறியாளர்கள் இந்த இரண்டையும் எப்படிப் பிரிக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் கேட்டுப் பார்த்துத்தான். "கடைமடைக்கு ஏன் ஒரு நாழிகை கூடுதல், இதை எங்கே பார்த்தீர்கள், எந்த ஊரில்?" என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால், படித்து எழுதியவர் பதில் சொல்வார், தெரியாவிட்டால் எந்த நூலில் பார்த்தேன் என்றாவது சொல்வார். ஒட்டியெடுத்தவருக்கு நாழிகை என்ற சொல்லே புதிதாக இருக்கும், அவர் கண்ணில் பட்டது மணிநேரம்தானே.

இப்போது உங்கள் இரண்டாம் இயலுக்கு வருவோம். நெறியாளர் குழுவுக்கு அனுப்பாமல் உங்களிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறார், ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கவில்லை. சரிசெய்ய நேரம் இருக்கிறது. செய்யக் கூடாதது ஒன்று: அந்தப் பத்திகளை மறுபடி எடுத்து இங்கொரு சொல் அங்கொரு சொல் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள். திரிந்த பிரதியைத் திருத்தினால் எலும்புக்கூடு அப்படியே இருக்கும், நாழிகை போன்ற பிழைகளும் உள்ளேயே தங்கிவிடும். அவற்றை முழுவதும் நீக்கிவிட்டு மூல நூலைக் கையில் எடுங்கள். பத்தியைப் படித்து, நூலை மூடி வைத்துவிட்டு, உங்கள் வாதத்துக்கு அதில் எது வேண்டும் என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் முழுப் பத்தியும் தேவைப்படாது. மேலே உள்ள எடுத்துக்காட்டில் எனக்குத் தேவை அந்தக் காரணம் மட்டும் என்றால் இப்படி எழுதுவேன்:

> கடைமடைக்கு ஒரு நாழிகை கூட்டிக் கொடுத்ததை, வாய்க்காலில் சுவறும் தண்ணீருக்கான ஈடு என்று விளக்குகிறார் நூலாசிரியர் (ஆண்டு, பக்கம்). அப்படியானால் வாய்க்காலுக்குக் காரை பூசிய ஊர்களில் இந்தக் கூடுதல் நேரம் குறைந்திருக்க வேண்டும். களத்தில் அது குறைந்ததா என்பதை மூன்றாம் இயலில் பார்க்கிறேன்.

முதல் வரி அவருடையது, அவர் பெயரோடு நிற்கிறது. இரண்டாம் வரியில் இருந்து உங்களுடையது தொடங்குகிறது. எங்கே முடிந்து எங்கே தொடங்குகிறது என்று படிப்பவருக்குச் சந்தேகமே வராது. மூல ஆசிரியரின் சொல்லழகே முக்கியம் என்றால், மாற்றாமல் மேற்கோள் குறிக்குள் போட்டுப் பக்க எண் கொடுங்கள். மேற்கோள் குறிக்குள் முறையாகக் காட்டியதை ஒப்புமைக் கணக்கில் இருந்து விலக்கவும் யுஜிசி விதிமுறைகள் இடம் தருகின்றன.

ஆங்கிலக் கட்டுரைகளுக்கும் இதே வழிதான், கூடுதலாக இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்த்து மேற்கோள் காட்டும் இடத்தில் "மொழிபெயர்ப்பு என்னுடையது" என்றோ, கருவியின் துணையோடு செய்து மூலத்தோடு சரிபார்த்தது என்றோ அடிக்குறிப்பு போடுங்கள். ஆங்கில மூல வாக்கியத்தையும் அதே அடிக்குறிப்பில் கொடுத்தால் தேர்வாளர் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வார். அப்புறம், அந்தக் கட்டுரை மற்றவர்களை மேற்கோள் காட்டியிருந்தால் அந்தப் பெயர்களை நீங்களே படித்தது போல் உங்கள் நூற்பட்டியலில் ஏற்றாதீர்கள். கருவி வழியாக வந்த பத்திகளில் இந்தக் கடன் மேற்கோள்களும் சேர்ந்தே வந்துவிடும். மூலக் கட்டுரையில் ஓர் ஆண்டு தவறாக அச்சாகியிருந்தால் அதே தவறு உங்கள் பட்டியலிலும் இருக்கும், தேர்வாளர் முதலில் தட்டிப் பார்ப்பது அந்த மாதிரி இடங்களைத்தான். படித்த கட்டுரையின் பெயரைப் போட்டு, அதில் காட்டப்பட்டது என்று குறித்தால் போதும்.

திருத்திய இயலை நெறியாளரிடம் கொடுக்கும்போது, எந்தெந்தப் பத்திகள் கருவி வழியாக வந்தவை, அவை எந்த நூலின் எந்தப் பக்கத்தில் இருந்து எடுத்தவை, இப்போது ஒவ்வொன்றையும் என்ன செய்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி இணைத்துக் கொடுங்கள். மற்ற இயல்களிலும் அப்படி ஏதாவது இருந்தால் அதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். அவர் ஒரு இயலைத்தான் படித்திருக்கிறார், மீதியையும் இனி அதே கண்ணோடுதான் படிப்பார்.